ஒட்டாத ஒரு பியூரெட் அளவு: நீக்கலாமா, ± எப்படி எழுதுவது?

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஒன்றின் மொத்தக் கடினத்தன்மையை இடிடிஏ கொண்டு தரம்பார்க்கிறோம். ஒவ்வொரு முறையும் 50 மி.லி. தண்ணீர், பிஎச் 10க்கு அம்மோனியா பஃபர், நிறங்காட்டியாக எரியோகுரோம் பிளாக் டி, பியூரெட்டில் 0.0100 M இடிடிஏ. ஒயின் சிவப்பு போய்த் தெளிந்த நீலம் வரும்போது நிறுத்துகிறோம். ஐந்து முறை செய்ததில் மி.லி. கணக்கில் வந்தவை, செய்த வரிசைப்படியே:

15.20, 15.25, 15.75, 15.15, 15.30

பியூரெட்டின் சிறு கோடு 0.1 மி.லி. இரண்டு கோடுகளுக்கு நடுவே பாதியைக் கண்ணால் மதிப்பிட்டு எடுப்பதால் எல்லா எண்களும் 0 அல்லது 5இல் முடிகின்றன. இந்தக் கணக்கில் 1 மி.லி. இடிடிஏ என்பது லிட்டருக்கு 20.02 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். இந்த ஐந்து எண்களை வைத்தே எல்லாத் தொல்லைகளையும் பார்க்கலாம்.

தொல்லை: ஒரு அளவு மட்டும் தனியாகத் தள்ளி நிற்கிறது

மூன்றாவதாக வந்த 15.75தான் கண்ணில் படுகிறது. உடனே அட்டவணையைத் தேடி ஓட வேண்டாம். முதலில் நோட்டில் அந்த வரிசைக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் பியூரெட்டைப் பாருங்கள். புள்ளியியல் சோதனையால் எண்ணை மட்டும்தான் பார்க்க முடியும். குடுவையில் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது.

அளவு எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்பதே பாதித் துப்பு. கூடுதலாக வந்தால் முதல் சந்தேகம் பியூரெட் நுனியில் சிக்கிய காற்றுக் குமிழி. தொடங்கும்போது இருந்த குமிழி நடுவில் வெளியேறினால், அந்த இடத்தை நிரப்பிய கரைசல் குடுவைக்குள் விழாமலேயே மட்டத்தைக் கீழே இறக்கிவிடும். அடுத்தது முடிவுநிலையைத் தாண்டிப்போவது. இந்தத் தரம்பார்த்தலில் அது மிகச் சுலபமாக நடக்கும், ஏனென்றால் நீலம் வந்த பிறகு இன்னும் அரை மி.லி. விட்டாலும் அதே நீலம்தான். தாண்டியதற்கு எந்த அடையாளமும் இருக்காது. கூம்புக்குடுவையைக் காய்ச்சி வடித்த நீரில் அலசாமல், எடுக்கப்போகும் தண்ணீரிலேயே அலசினாலும் அளவு கூடும், உள்ளே ஒட்டியிருப்பதும் சேர்ந்துகொள்வதால்.

குறைவாக வந்தால் வேறு காரணங்கள். நிரப்பிய புனலை பியூரெட் வாயிலேயே விட்டுவிட்டால், அதில் தங்கிய சொட்டுகள் நடுவில் இறங்கி மட்டத்தை உயர்த்திவிடும். பஃபரைச் சேர்த்துவிட்டு யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டால், அந்தக் காரத்தன்மையில் கால்சியம் கார்பனேட் வீழ்படிவாகத் தொடங்கும். அது இடிடிஏவுக்குப் பிடிகொடுக்காமல் அளவு குறையும், நீலம் வந்த பிறகு மெல்ல மறுபடி சிவப்பு எட்டிப்பார்க்கும். பஃபர் சேர்த்தால் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று செய்முறைகளில் போட்டிருப்பது இதற்காகத்தான்.

காரணம் நோட்டில் எழுதியிருந்தால், உதாரணமாக "குமிழி போனது" என்று அப்போதே குறித்திருந்தால், அந்த அளவை நீக்க எந்தச் சோதனையும் தேவையில்லை. அது மற்றவற்றோடு அழகாக ஒத்துப்போனாலும் நீக்க வேண்டியதுதான். இந்த இரண்டாவது பாதியைப் பலர் செய்வதில்லை. 15.75இல் குமிழி போனால் அடித்துவிடுகிறார்கள், 15.20இல் குமிழி போனால் "பரவாயில்லை, சரியாகத்தானே வந்திருக்கிறது" என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் நீக்குவதற்கான காரணம் குமிழி அல்ல, எண் பிடிக்கவில்லை என்பதுதான். காரணத்தை எண் வருவதற்கு முன்பே, அந்தக் கணத்திலேயே எழுத வேண்டும். பிறகு யோசித்துக் கண்டுபிடித்த காரணம் காரணமே ஆகாது.

நம் கதையில் நோட்டில் ஒன்றும் இல்லை. இப்போதுதான் சோதனைக்கு வேலை. சிறிய எண்ணிக்கைக்கு வேதியியல் ஆய்வகங்களில் புழங்குவது டீனும் டிக்சனும் 1951இல் எளிமைப்படுத்திக் கொடுத்த Q சோதனை. அளவுகளை ஏறுவரிசையில் வைத்து, சந்தேகப்பட்ட அளவுக்கும் அதன் பக்கத்து அளவுக்கும் உள்ள இடைவெளியை மொத்த வீச்சால் வகுக்க வேண்டும்:

Q = (15.75 − 15.30) / (15.75 − 15.15) = 0.45 / 0.60 = 0.75

ஐந்து அளவுகளுக்கு அட்டவணை எல்லை 90% நம்பக அளவில் 0.642, 95%இல் 0.710, 99%இல் 0.821. ஆக 95% பிடித்தால் 15.75ஐ நீக்கலாம், 99% பிடித்தால் வைத்துக்கொள்ள வேண்டும். ஐஎஸ்ஓ 5725 தரநிலை எடுத்துக்கொள்ளும் கிரப்ஸ் சோதனையில் சராசரியிலிருந்து உள்ள தூரத்தைத் திட்டவிலக்கத்தால் வகுக்கிறோம்: (15.75 − 15.33) / 0.241 = 1.74. ஐந்து அளவுகளுக்கு 95% எல்லை 1.715. இதுவும் அதையேதான் சொல்கிறது: எல்லையைத் தாண்டியிருக்கிறது, ஆனால் மயிரிழையில்.

95% என்றால் என்ன என்பதை இங்கே சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்தத் தவறும் நடக்காத, நல்ல அளவுத் தொகுதிகளிலும் நூற்றுக்கு ஐந்தில் Q அந்த எல்லையைத் தாண்டத்தான் செய்யும். ஆண்டு முழுக்கத் தண்ணீர் சோதிக்கும் ஒரு ஆய்வகத்தில் நூற்றுக்கு ஐந்து என்பது சின்ன எண் அல்ல. அதனால் எந்தச் சோதனை, எந்த நம்பக அளவு என்பதை அளப்பதற்கு முன்பே முடிவு செய்து எழுதி வைத்திருக்க வேண்டும். எண்ணைப் பார்த்த பிறகு டிக்சன் ஒத்துக்கொள்ளவில்லையா, கிரப்ஸைக் கேட்போம் என்று போனால், நீக்கும் வரை கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

இப்படி எல்லையோரம் நிற்கும்போது நான் சோதனையோடு மல்லுக்கட்ட மாட்டேன், தண்ணீர் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பேன். அதே பாட்டிலில் இருந்து இன்னும் இரண்டு முறை செய்ததில் 15.20, 15.30 வந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஏழு அளவுகள். இடைவெளியும் வீச்சும் மாறவில்லை, Q அதே 0.75. ஆனால் ஏழுக்கு எல்லை 95%இல் 0.568, 99%இல் 0.680. இப்போது 15.75 கேள்விக்கு இடமில்லாமல் வெளியே போகிறது. மாறாக, புதிய இரண்டில் ஒன்று 15.55 என்று வந்திருந்தால், நம் தரம்பார்த்தலின் சிதறலே நாம் நினைத்ததைவிடப் பெரியது என்று தெரிந்திருக்கும். இரண்டு பிப்பெட் தண்ணீர் செலவில் இவ்வளவு தெரிந்துகொள்ளலாம்.

தண்ணீர் தீர்ந்துவிட்டதா? அப்போது எதையும் நீக்காமல் நடுமதிப்பைச் சொல்லலாம். ஐந்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் இருப்பது 15.25. கடைசி அளவு 15.75 ஆக இருந்தாலும் 17.75 ஆக இருந்தாலும் நடுமதிப்பு அசையாது.

நீக்கினால் எது மாறுகிறது

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பலரும் சராசரி கெட்டுவிடும் என்று பயந்துதான் ஒட்டாத அளவை நீக்குகிறார்கள். முதல் ஐந்து அளவுகளையும் வைத்துக்கொண்டால் சராசரி 15.33 மி.லி., 95% நம்பக இடைவெளி ±0.30. அதாவது கடினத்தன்மை 307 ± 6 மி.கி./லி. 15.75ஐ நீக்கிவிட்டு நான்கை மட்டும் எடுத்தால் 15.22 ± 0.10, அதாவது 305 ± 2. சராசரி நகர்ந்தது வெறும் இரண்டு மி.கி. ஆனால் ± மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

ஆக, ஓர் அளவை நீக்கும்போது நாம் முக்கியமாகச் சொல்வது "எனக்கு இவ்வளவு நிச்சயமாகத் தெரியும்" என்பதைத்தான். அந்த நிச்சயம் உண்மையா என்பதுதான் கேள்வி. மில்லிகனின் எண்ணெய்த் துளிச் சோதனை இதற்கு நல்ல சாட்சி. 1913இல் வெளியிட்ட கட்டுரையில் 58 துளிகளின் கணக்கைக் கொடுத்து, இவை தேர்ந்தெடுத்தவை அல்ல, 60 நாட்களில் சோதித்த எல்லாத் துளிகளும் இவையே என்று எழுதினார். அவருடைய நோட்டுகளில் அதைவிட அதிகமான துளிகள் இருந்தன என்பது பின்னால் தெரிந்தது. விட்டுப்போனவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள் கண்டது, எலக்ட்ரான் மின்னூட்டத்தின் மதிப்பு பெரிதாக மாறவில்லை, பிழையின் அளவுதான் கூடியது என்று.

இன்னொரு கேள்வியும் கேட்டுப்பாருங்கள்: இந்த எண்ணை வைத்து யார் என்ன முடிவெடுக்கப் போகிறார்கள்? குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரநிலையில் மொத்தக் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு 200 மி.கி./லி., வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. 307 ± 6 ஆனாலும் 305 ± 2 ஆனாலும் தண்ணீரின் கதி ஒன்றுதான். அப்படிப்பட்ட இடத்தில் நீக்கலாமா வேண்டாமா என்று அரை மணி நேரம் வாதாடுவதைவிட ஐந்தையும் வைத்துக்கொண்டு அகலமான ± எழுதிவிடுவது நேர்மை, வேலையும் மிச்சம். எண் 198 பக்கம் வந்திருந்தால்தான் அந்த வாதத்துக்கு அர்த்தம்.

தொல்லை: மூன்றே அளவுகள், இரண்டு ஒத்துப்போகின்றன, ஒன்று இல்லை

பள்ளிச் செய்முறைத் தேர்விலிருந்தே நம்மோடு வரும் பழக்கம் இது. மூன்று ட்ரையல் எடு, ஒத்துப்போகும் இரண்டைக் கன்கார்டன்ட் என்று எழுது, மூன்றாவதை மற. முதல் ட்ரையலை வேகமாகச் செய்து தோராயமாக இடம் பிடித்துக்கொள்வது வேறு விஷயம், அது கணக்கில் சேராது என்று முன்னாலேயே தெரியும். கவனமாகச் செய்த மூன்றில் ஒன்றைத் தூக்கி எறிவதுதான் சிக்கல்.

மூன்று அளவுகளுக்கு Q எல்லை 90%இல் கூட 0.941. அந்த எல்லையைத் தொட, ஒரு பக்க இடைவெளி மறுபக்க இடைவெளியைப் போல 16 மடங்கு இருக்க வேண்டும். அப்படிப்பட்ட மூன்று அளவுகளும் எந்தத் தவறும் இல்லாமலேயே பத்துக்கு ஒரு முறை வரும் என்பதுதான் அந்த 90%க்குப் பொருள். இரண்டு நெருங்கி ஒன்று தள்ளி நிற்பது மூன்று அளவுகளின் சுபாவம். நெருங்கிய இரண்டின் சராசரி, மூன்றின் சராசரியைவிட நம்பகம் குறைந்தது என்பதும் கணக்குப் போட்டுக் காட்டப்பட்ட விஷயம்தான்.

15.20, 15.25, 15.60 என்று வந்தால் Q = 0.35 / 0.40 = 0.875. நீக்கக் கூடாது. மூன்றையும் வைத்தால் 15.35 ± 0.54 மி.லி. அய்யோ இவ்வளவு அகலமா என்று 15.60ஐ அடித்துவிட்டு இரண்டை மட்டும் வைத்தால், இரண்டு அளவுக்கு உரிய t மதிப்பு 12.71. 0.05 மட்டுமே வேறுபட்ட அந்த இரண்டுக்கும் 95% இடைவெளி ±0.32 வருகிறது. கன்கார்டன்ட் என்று அடிக்கோடிட்ட எண்ணுக்குப் பின்னால் அவ்வளவுதான் பலம்.

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. 15.20, 15.20, 15.30 என்று வந்தால் Q = 0.10 / 0.10 = 1. எந்த நம்பக அளவிலும் சோதனை "நீக்கு" என்று சொல்லும். வெறும் இரண்டு சொட்டு வித்தியாசத்துக்காக! இரண்டு அளவுகள் ஒன்றாகத் தெரிவதற்குக் காரணம் நாம் 0.05க்கு முழுமைப்படுத்திப் படிப்பது. பொடிப்பொடியாக உண்மையில் வேறுபட்டவை ஒரே எண்ணில் விழுந்திருக்கின்றன. வித்தியாசங்கள் படிக்கும் நுட்பத்தோடு ஒப்பிடும் அளவுக்குச் சிறிதாக இருந்தால் Q சோதனையை எடுக்கவே கூடாது. மூன்று அளவுகளோடு நின்றால் நீக்காதீர்கள், நான்காவதும் ஐந்தாவதும் செய்யுங்கள்.

தொல்லை: ஒன்றை நீக்கியதும் அடுத்தது ஒட்டாமல் தெரிகிறது

நீக்கியவுடன் திட்டவிலக்கம் சுருங்குவதால், அதுவரை நல்ல பிள்ளையாக இருந்த ஓரத்து அளவு இப்போது முறைத்துக்கொண்டு நிற்கும். மறுபடி சோதனை, மறுபடி நீக்கம் என்று போனால் கடைசியில் இரண்டு எண்தான் மிஞ்சும். ஒரு தொகுதிக்கு ஒரு முறைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதும் உறுத்தினால் கோளாறு அளவில் இல்லை, முறையில் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். 15.15, 15.20, 15.25, 15.70, 15.75 என்று இருந்தால் Q = 0.05 / 0.60 = 0.08. சோதனை எதையும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் 15.75க்குப் பக்கத்துணையாக 15.70 நிற்கிறது. கண்ணுக்கோ இரண்டு கும்பல் பளிச்சென்று தெரிகிறது. இது ஒட்டாத அளவுப் பிரச்சினையே இல்லை. நடுவில் என்ன மாறியது என்று தேடுங்கள்: ஆள் மாறினாரா, இடிடிஏ பாட்டில் மாறியதா, வேறு பிப்பெட்டா, மாலையில் டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் பார்த்தீர்களா.

அளவுகளைச் செய்த வரிசையிலேயே எழுதி வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். 15.15, 15.20, 15.25, 15.30, 15.75 என்று இதே வரிசையில் வந்திருந்தால் நான் கடைசியை மட்டும் சந்தேகப்பட மாட்டேன். ஒன்று ஏறிக்கொண்டே போகிறது: பியூரெட் குழாய் கசிகிறதா, நிறங்காட்டிக் கரைசல் பழசாகி முடிவுநிலை மங்கிக்கொண்டு வருகிறதா என்று பார்ப்பேன். ஏறுவரிசையில் அடுக்கியவுடன் இந்தத் துப்பு அழிந்துவிடும். நம் உண்மையான வரிசையில் பெரிய அளவு நடுவில் வந்து, பிறகு பழைய இடத்துக்கே திரும்பியது. அதனால்தான் அதைத் தனி விபத்தாக எடுத்துக்கொள்ள முடிந்தது.

தொல்லை: எல்லா அளவும் ஒரே எண், திட்டவிலக்கம் பூஜ்யம்

15.20, 15.20, 15.20, 15.20. கால்குலேட்டர் s = 0 என்று காட்டுகிறது. 15.20 ± 0 என்று எழுத முடியாது. நாம் படிக்கும் நுட்பத்தைவிடச் சிதறல் சிறியது என்பதற்கு மேல் இதில் ஒன்றும் தெரியவில்லை.

இங்கே ±ஐக் கருவியிலிருந்து எடுக்க வேண்டும். 0.05க்குப் படித்தால் ஒவ்வொரு வாசிப்பிலும் 0.025 இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகலாம். √3ஆல் வகுத்தால் 0.014. தொடக்கம், முடிவு என்று இரண்டு வாசிப்புகள் இருப்பதால் √2ஆல் பெருக்கி 0.020. 50 மி.லி. ஏ வகுப்பு பியூரெட்டுக்கு அனுமதித்த பிழை ±0.05, அதையும் √3ஆல் வகுத்தால் 0.029. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 0.035, இரண்டு மடங்காக்கினால் ±0.07 மி.லி. ஒரு சொட்டே ஏறக்குறைய 0.05 மி.லி. என்பதால் இதைவிடக் குறைவாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

எண்கள் எப்போதும் ஒன்றாகவே வந்தால் இன்னொன்றையும் யோசிக்கலாம். முதல் ட்ரையலின் எண் தெரிந்த பிறகு, அடுத்ததில் கை தானாகவே அந்தக் கோட்டருகே நிற்கும். ஒருவர் குழாயைப் பிடிக்க, மற்றவர் மட்டத்தைப் படித்தால் இது போய்விடும்.

தொல்லை: ஒரே தரவு, இருவருக்கு வேறு வேறு ±

பெரும்பாலும் எக்செல்லில் எடுத்த ஃபங்ஷன்தான் காரணம். நீக்கிய பிறகு மிஞ்சிய நான்கு அளவுகள் B2 முதல் B5 வரை இருந்தால்:

```
=AVERAGE(B2:B5)                        15.225
=STDEV.S(B2:B5)                        0.0645
=STDEV.P(B2:B5)                        0.0559
=CONFIDENCE.T(0.05,STDEV.S(B2:B5),4)   0.1027
```

STDEV.P என்பது இருக்கும் எண்கள்தான் முழு உலகம் என்று எடுத்துக்கொண்டு nஆல் வகுப்பது. நமக்கு n − 1ஆல் வகுக்கும் STDEV.S தான் வேண்டும். CONFIDENCE.T உதவியாக இருக்கும், ஆனால் CONFIDENCE.NORM எடுத்துவிட்டால் நான்கு அளவுகளுக்கு உரிய 3.182க்குப் பதில் 1.96ஆல் பெருக்கி, இடைவெளியைத் தேவைக்கு மேல் குறுக்கிவிடும்.

ஃபங்ஷன் சரியாக இருந்தும் எண் வேறுபட்டால், ஒருவர் திட்டவிலக்கத்தையும் மற்றவர் நம்பக இடைவெளியையும் எழுதியிருப்பார். ±0.06 என்பதும் ±0.10 என்பதும் ஒரே தரவிலிருந்து வந்த இரண்டு உண்மைகள். எது என்று பக்கத்தில் எழுதாத ±ஐ வைத்துப் படிப்பவர் ஒன்றும் செய்ய முடியாது.

தொல்லை: கால்குலேட்டர் எட்டு இலக்கம் காட்டுகிறது, எங்கே வெட்டுவது?

வரிசை இதுதான்: முதலில் ±ஐ முழுமைப்படுத்து, அப்புறம் சராசரியை அதே இடத்துக்குக் கொண்டுவா. தலைகீழாகச் செய்யும்போதுதான் 304.77 ± 2 மாதிரியான எண்கள் பிறக்கின்றன. ஒன்றின் இடமே ஆடும்போது நூறின் பங்கை யார் பார்த்தது?

±இல் எத்தனை இலக்கம் என்பதற்கும் காரணம் உண்டு. திட்டவிலக்கமும் ஒரு மதிப்பீடுதான், அதற்கும் ஆட்டம் இருக்கிறது. நான்கு அளவுகளிலிருந்து எடுத்த திட்டவிலக்கம் தன்னளவில் ஏறக்குறைய 40% முன்பின் இருக்கலாம், பத்து அளவுகள் எடுத்தாலும் கால் பங்கு அளவுக்கு. அப்படியிருக்க 0.0645497இல் மூன்றாவது இலக்கத்துக்கு என்ன மரியாதை? ஒரு முக்கிய எண்ணுரு போதும். முதல் இலக்கம் 1 ஆக இருந்தால் மட்டும் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 1.4ஐ 1 ஆக்கினால் கால் பங்குக்கும் மேல் காணாமல் போகிறது. முன்னால் 0.10 என்று இரண்டு இலக்கம் எழுதியதும் இதனால்தான்.

முழுமைப்படுத்துவது கடைசியில் ஒரே ஒரு முறை. 15.225ஐ முதலில் 15.2 ஆக்கிவிட்டு 20.018ஆல் பெருக்கினால் 304.3 வரும், முழுதாகப் பெருக்கினால் 304.8. முதலாவது 304 ஆகும், இரண்டாவது 305. சரியாக 5இல் முடிவதை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதிலும் சண்டை வரும். இந்தியத் தரநிலை ஐஎஸ் 2 இரட்டை இலக்கப் பக்கம் போகச் சொல்கிறது, அதனால் 15.225 என்பது 15.22. எக்செல்லின் ROUND மேலே தள்ளி 15.23 என்று தரும். அறிக்கையில் இந்த ஒரு எண்ணுக்காக இருவர் முறைத்துக்கொண்டால், காரணம் இதுவாக இருக்கலாம்.

பூஜ்யங்களில் கொஞ்சம் கவனம். எக்செல் 15.20ஐ 15.2 என்று காட்டி, நீங்கள் கஷ்டப்பட்டுப் படித்த இலக்கத்தை விழுங்கிவிடும். செல்லை இரண்டு தசம இடத்துக்கு மாற்றிவிடுங்கள். முடிவு 1500 என்று வந்தால் அந்த இரண்டு பூஜ்யங்களும் அளந்தவையா, இடம் நிரப்பவா என்று யாருக்கும் தெரியாது. 1.50 × 10³ என்று எழுதினால் சந்தேகம் இல்லை.

கடைசியில் எழுதும் வரி

இரண்டு கூடுதல் அளவுகளையும் சேர்த்து, 15.75ஐ நீக்கிய பிறகு நம்மிடம் ஆறு அளவுகள். சராசரி 15.233 மி.லி., திட்டவிலக்கம் 0.061, 95% இடைவெளி ±0.064. கடினத்தன்மையாக மாற்றினால் 304.9 ± 1.3.

ஆனால் இந்த 1.3 மறுபடி மறுபடி செய்ததில் வந்த சிதறலை மட்டும்தான் அறியும். இடிடிஏவின் செறிவு ஒரு சதவீதம் தவறாக இருந்தால் ஆறு அளவுகளும் கைகோத்து ஒரே பக்கம் 3 மி.கி. நகரும், திட்டவிலக்கம் வாயே திறக்காது. அதனால் மற்றவற்றையும் சேர்க்க வேண்டும். கால்சியம் கார்பனேட்டை வைத்து இடிடிஏவைத் தரப்படுத்தியதில் 0.20% என்று வைத்துக்கொள்வோம். பியூரெட் 0.19%, 50 மி.லி. பிப்பெட் 0.06%, நம் ஆறு அளவுகளின் சராசரியில் 0.16%. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 0.32%, அதாவது ஏறக்குறைய 1 மி.கி. இரண்டு மடங்காக்கினால் 2. இன்னும் பத்து முறை தரம்பார்த்தாலும் இந்த 2 பெரிதாகக் குறையாது, ஏனென்றால் இப்போது கனம் முழுக்க இடிடிஏவிலும் பியூரெட்டிலும் இருக்கிறது. குறைக்க வேண்டுமென்றால் தரப்படுத்தலைத்தான் கவனிக்க வேண்டும்.

அறிக்கையில் போக வேண்டியது இவ்வளவு:

மொத்தக் கடினத்தன்மை, CaCO₃ ஆக: 305 ± 2 மி.கி./லி. (விரிவாக்கிய நிச்சயமின்மை, k = 2; n = 6). ஏழு தரம்பார்த்தல்களில் மூன்றாவது, 15.75 மி.லி., டிக்சன் Q சோதனையில் 99% நம்பக அளவில் நீக்கப்பட்டது, காரணம் கண்டறியப்படவில்லை. அதைச் சேர்த்தால் சராசரி 306 மி.கி./லி.

நோட்டில் 15.75ஐ ஒரே கோட்டால் அடியுங்கள், எண் படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் தேதியும் கையெழுத்தும்.